இண்டக்‌ஷன் அடுப்புல மோக்கா பாட்: எந்த பாட் ஒத்து வரும், அடாப்டர் பிளேட்டை எப்படி கையாளணும்

கேஸ் கனெக்‌ஷன் இல்லாம ஒத்தை இண்டக்‌ஷன் அடுப்பை வச்சே குடித்தனம் நடத்துறவங்க, கீழ கொதிக்கிற தண்ணி ஆவி அழுத்தத்துல நடுவுல இருக்கிற பொடி வழியா மேல ஏறி காபியாகுற மோக்கா பாட் வாங்கினா முதல் நாளே இது நடக்கும். பொடி போட்டு, தண்ணி ஊத்தி, இறுக்கி மூடி அடுப்புல வைப்பீங்க, அடுப்பு பீப் பீப்னு கத்தும், பாத்திரமே இல்லன்னு எரர் காட்டும், கொஞ்ச நேரத்துல தானா ஆஃப் ஆயிடும். பாட்லயும் கோளாறு இல்ல, அடுப்புலயும் கோளாறு இல்ல, ரெண்டுக்கும் ஒத்துப்போகாது அவ்ளோதான். நான் நாலு வருஷமா ஒரு 3 கப் அலுமினிய பாட்டை, அடுப்புக்கும் பாட்டுக்கும் நடுவுல போடுற அடாப்டர் பிளேட் மேல வச்சுதான் தினமும் காலைல காபி போடுறேன், நடுவுல ஒரு 6 கப் எவர்சில்வர் பாட்டும் வாங்கி அதையும் ஓட்டிப் பாத்தாச்சு. பிளேட் வாங்கினா போதும் வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறவங்கதான் அதிகம், ஆனா காபி கருகுறதும் அடுப்பு பாதில நிக்கிறதும் அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும், அதனால அந்த பகுதியைத்தான் நிதானமா எழுதப் போறேன்.

அலுமினியம் ஏன் சூடாகாது

மோக்கா பாட் இத்தாலில 1933ல அல்ஃபோன்ஸோ பியாலெட்டி கொண்டு வந்தது, அப்பவே அலுமினியம், இன்னிக்கும் அந்த எட்டுப்பட்டை பாட் பெரும்பாலும் அலுமினியம்தான். நெருப்புல வைக்க அலுமினியம் ரொம்ப நல்லது, சூடு சீக்கிரம் பரவும், எடையும் கம்மி.

இண்டக்‌ஷன்ல நெருப்பே கிடையாது. கண்ணாடிக்கு அடியில ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கும், அதுல செகண்டுக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல திசை மாறுற கரண்ட் ஓடும், அதனால உண்டாகுற காந்தப்புலம் மேல இருக்கிற பாத்திரத்தோட அடிப்பாகத்துல கரண்டை ஓட வைக்கும், அந்த கரண்ட் தடை பட்டு ஓடுறதால பாத்திரமே சூடாகும். இரும்புல இந்த கரண்ட் அடியில ரொம்ப மெல்லிசான ஒரு படலத்துக்குள்ளயே நெருக்கியடிச்சு ஓடும், அதனால தடை அதிகம், சூடும் அதிகம். அலுமினியத்துல அது தடிமனா பரவி சுலபமா ஓடிடும், சூடு வராது. அடுப்புக்குள்ள இருக்கிற சர்க்யூட் இந்த வித்தியாசத்தை உணர்ந்து பாத்திரம் இல்லன்னு முடிவு பண்ணிடுது.

அதனால கடைக்கு போகும்போது ஃபிரிட்ஜ்ல ஒட்டுற ஒரு காந்தத்தை பாக்கெட்ல போட்டுக்கோங்க. பாட்டோட அடியில வச்சா பச்சக்னு ஒட்டணும், தலைகீழா பிடிச்சாலும் விழக்கூடாது. லேசா இழுத்துட்டு நழுவினா அது பத்தாது.

எந்த பாட் வாங்கலாம்

முழு அலுமினிய பாட்னா பிளேட் இல்லாம நடக்காது, அதுல மாத்து கருத்தே இல்ல.

எவர்சில்வர் பாட்லதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. எவர்சில்வர்னா இண்டக்‌ஷன்ல ஓடும்னு பொதுவா நினைப்போம், ஆனா நம்ம டம்ளர், டவரா மாதிரி நல்ல எவர்சில்வர் நிறைய காந்தத்துல ஒட்டாது, 18/10னு போட்டிருக்கிற ரகம் அது. அந்த ரகத்துல செஞ்ச பாட்டுக்கு அடியில தனியா காந்தம் ஒட்டுற தகடு ஒண்ணு சேத்து அழுத்தியிருந்தாத்தான் இண்டக்‌ஷன்ல வேலை செய்யும். பியாலெட்டியோட வீனஸ் இண்டக்‌ஷனுக்குன்னே வர்ற எவர்சில்வர் பாட். அதே கம்பெனில மேல் பாகம் அலுமினியமும் கீழ் பாகம் காந்தம் ஒட்டுற எவர்சில்வருமா சேந்த மோக்கா இண்டக்‌ஷனும் இருக்கு. பேர் தெரியாத பாட்டா இருந்தா அட்டைப்பெட்டில இருக்கிற சுருள் சின்னத்தை மட்டும் நம்பாம காந்தத்தை வச்சு பாருங்க.

காந்தம் ஒட்டிடுச்சுன்னாலும் இன்னொரு தடை இருக்கு, பாட்டோட சைஸ். நம்ம ஊர் ஒத்தை அடுப்புகள்ல நிறைய மாடல் 12 சென்டிமீட்டருக்கு குறைஞ்ச அடிப்பாகத்தை பாத்திரமாவே எடுத்துக்காது, மேனுவல்ல குறைஞ்சபட்ச விட்டம்னு ஒரு வரி இருக்கும், அதை பாருங்க. 3 கப் பாட்டோட அடி சுமார் 8, 9 சென்டிமீட்டர்தான் வரும், 6 கப்னாலும் 10ஐ ஒட்டித்தான் இருக்கும். அதனால இண்டக்‌ஷன் பாட்னு காசு கொடுத்து வாங்கின 3 கப் பாட் கூட உங்க அடுப்புல பீப் அடிக்கலாம். ஐரோப்பால வீட்டு அடுப்புகள்ல சின்ன பாத்திரத்துக்குன்னு தனியா ஒரு சின்ன வட்டம் இருக்கும், அதை மனசுல வச்சு செஞ்ச பாட் இதெல்லாம், ஒரே ஒரு பெரிய சுருள் இருக்கிற நம்ம அடுப்புக்கு அது அப்படியே பொருந்தாது. முடிஞ்சா கடைக்காரர்கிட்ட கேட்டு அங்கயே ஒரு அடுப்புல தண்ணி மட்டும் ஊத்தி வச்சு பாத்துட்டு வாங்குங்க, ஆன்லைன்னா ரிட்டர்ன் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க.

சரி பெருசாவே வாங்கிடலாம்னு 6 கப்புக்கு போனா, அதை பாதி அளவு போட்டு ஓட்ட முடியாதுங்கிறதை முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. பொடி கூடை நிரம்பணும், தண்ணி கீழ் பாகத்துல இருக்கிற சேஃப்டி வால்வுக்கு கீழ வரைக்கும் இருக்கணும், இல்லன்னா தண்ணி பொடிக்குள்ள சந்துல புகுந்து ஓடி சப்புன்னு வரும். கப்னு சொல்றது இத்தாலிக்காரங்க குடிக்கிற 50 மில்லிக்கும் குறைஞ்ச குட்டி கப். 3 கப்ல பால் சேத்து நம்ம டம்ளர்ல ரெண்டு பேர் குடிக்கலாம், 6 கப்ல நாலு பேர். ரெண்டு பேர் வீட்டுக்கு 3 கப் அலுமினிய பாட்டும் ஒரு பிளேட்டும்தான் சரின்னு நான் சொல்லுவேன், நாலு பேருக்கு தினமும் போடுற வீடுன்னா, உங்க அடுப்பு அந்த சைஸை எடுத்துக்கிட்டா, காந்தம் ஒட்டுற 6 கப் எவர்சில்வர் நல்லது.

பிளேட்டை பாத்து வாங்குறது

அடாப்டர் பிளேட்ங்கிறது காந்தம் ஒட்டுற ஒரு தட்டையான உலோக வட்டு. அடுப்பு பிளேட்டை சூடாக்கும், பிளேட் பாட்டை சூடாக்கும்.

விட்டம் 13, 14 சென்டிமீட்டர் இருந்தா நல்லது. 12ஐ விட சின்னதுன்னா நிறைய அடுப்பு கண்டுபிடிக்காது. 20, 22 சென்டிமீட்டர் பிளேட்டும் விக்கிறாங்க, அது குழம்புச் சட்டிக்கு சரி, மோக்கா பாட்டுக்கு வேண்டாம், ஏன்னா பாட்டுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற பிளேட்டோட சூடு நேரா மேல ஏறி பிளாஸ்டிக் கைப்பிடியை தாக்கும், கொஞ்ச நாள்ல கைப்பிடி வெளுத்து விரிசல் விடும்.

தடிமன் 3, 4 மில்லிமீட்டர் இருக்கட்டும், மெல்லிசு சூடானதும் வளைஞ்சிடும். தட்டையா இருக்கான்னு பாக்க ஒரு ஸ்டீல் ஸ்கேலை குறுக்க நிறுத்தி வச்சு வெளிச்சத்துக்கு எதிரா பிடிங்க, கீழ சந்துல வெளிச்சம் தெரிஞ்சா அது வளைஞ்ச பிளேட். அதே மாதிரி உங்க பாட்டோட அடியையும் பாருங்க. நடுவுல ஒரு மில்லிமீட்டர் காத்து இருந்தாலே சூடு பாட்டுக்கு போகாம பிளேட்லயே தங்கிடும். ஓட்டை ஓட்டையா இருக்கிற, ரெண்டு தகரத்தை ஒட்டின ரகம் மலிவா கிடைக்குது, அது கேஸ் அடுப்புல தீயை பரப்புறதுக்கு வந்த சாமான், இதுக்கு ஆகாது.

வீட்டுல தோசைக்கல் இருக்கே அதையே வச்சா என்னன்னு கேப்பீங்க, அடி தட்டையான இரும்புக் கல்லுன்னா தாராளமா வேலை செய்யும், குழிவான கல்லுன்னா செய்யாது. ஆனா ரெண்டு கிலோ இரும்பை சூடாக்கி அதுல ஒரு குட்டி பாட்டை வைக்கிறது நேரத்துக்கும் கரண்டுக்கும் நஷ்டம், நான் செஞ்சு பாத்தப்ப காபி வர கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அதுக்கு அப்புறம் கல்லு அரை மணி நேரம் கொதிச்சுக்கிட்டு கிடந்தது. ஆப்பத்துக்கே இல்லாத அவசரம் காபிக்கு இருக்கும்போது இது சரிப்படாது. பிளேட் வந்து சேர்ற வரைக்கும் சமாளிக்க வச்சுக்கலாம்.

ஒரு விஷயம் சொல்லிடணும், பல அடுப்புக் கம்பெனிங்க மேனுவல்லயே அடாப்டர் பிளேட் போடாதீங்கன்னு எழுதியிருக்காங்க. காரணம் இருக்கு, கீழ வர்ற பகுதில அது புரியும். வாரன்டி இருக்கிற புது அடுப்புன்னா அந்த வரியை படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

பிளேட் எவ்வளவு சூட்டை பிடிச்சு வைக்கும்

இது புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும், அதனால ஒரு சின்ன கணக்கு போடுவோம். 13 சென்டிமீட்டர் விட்டம், 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பிளேட் சுமார் 400 கிராம் இருக்கும். அதை 30 டிகிரில இருந்து 220 டிகிரிக்கு கொண்டு போக ஏறக்குறைய 38 கிலோஜூல் சூடு வேணும். 3 கப் பாட்ல ஊத்துற 150 மில்லி தண்ணியை 30ல இருந்து 95 டிகிரிக்கு கொண்டு போக 41 கிலோஜூல். அதாவது தண்ணி குடிக்கிற சூட்டுக்கு சமமா பிளேட்டும் குடிக்குது.

இப்ப ஸ்விட்ச் ஆஃப் பண்றீங்க. கேஸ்ல ஆஃப் பண்ணா தீ போச்சு. இங்க அந்த 38 கிலோஜூல்ல பெரும்பகுதி பிளேட்டுக்குள்ளயே இருக்கு, அது எங்க போகும்? மேல உக்காந்திருக்கிற பாட்டுக்குள்ளதான் போகும். அதனாலதான் ஆஃப் பண்ணதுக்கு அப்புறமும் காபி புஸ் புஸ்னு கக்கி, அடியில தண்ணி காலியாகி, பொடி கருகி, கசந்து போகுது. பிளேட்டை ஆஃப் பட்டன் இல்லாத ரெண்டாவது அடுப்புன்னு நினைச்சுக்கோங்க. அதை அணைக்க ஒரே வழி பாட்டை தூக்கி வேற இடத்துல வைக்கிறது.

இதோட இன்னொரு பக்கமும் இருக்கு. அந்த 400 கிராம் பிளேட்டை மேல ஒண்ணும் வைக்காம 2000 வாட்ஸ்ல விட்டா அரை நிமிஷத்துக்குள்ளயே 250 டிகிரி தாண்டிடும். பாட் இருந்தாலும் சூடு அவ்வளவு வேகமா மேல ஏறாது. அந்த சூடு கண்ணாடி வழியா கீழ இறங்கி சுருளையும் எலெக்ட்ரானிக்ஸையும் பதம் பாக்கும். கண்ணாடிக்கு அடியில நடுவுல இருக்கிற சென்சார் அதை பாத்துட்டு அடுப்பை நிறுத்திடும், கம்பெனிங்க பிளேட் வேண்டாம்னு சொல்றதும் இதுக்குத்தான்.

பிளேட்டால ஒரு நல்லதும் உண்டு. விலை கம்மியான அடுப்புல 300, 400 வாட்ஸ்னு வச்சா அது உண்மையில அவ்வளவு மெதுவா எரியாது, கொஞ்ச செகண்ட் முழு வேகத்துல ஓடி கொஞ்ச செகண்ட் சும்மா நிக்கும். இண்டக்‌ஷன் அடி உள்ள பாட்டை நேரா வச்சா காபியும் அதே தாளத்துல ஒரு தடவை பீச்சும், ஒரு தடவை நிக்கும். நடுவுல பிளேட் இருந்தா அந்த ஏத்த இறக்கத்தை அது வாங்கிக்கிட்டு மேல சமமா அனுப்பும். என் எவர்சில்வர் பாட்டை விட பிளேட் மேல இருக்கிற அலுமினிய பாட்ல காபி நிதானமா வழியிறது இதனாலதான்.

இனி போடுற முறை

முதல்ல தண்ணியை தனியா கெட்டில்லயோ சின்ன பாத்திரத்துலயோ கொதிக்க வச்சுக்கோங்க. கேஸ்ல பச்சைத் தண்ணி ஊத்தி வச்சாலும் பரவாயில்ல, பிளேட்ல அது கூடாது, ஏன்னா தண்ணி சூடாகுற வரைக்கும் பிளேட்டும் அடுப்பும் ரொம்ப நேரம் கொதிக்கணும், பொடியும் அவ்வளவு நேரம் வறுபடும். போர் தண்ணி வேண்டாம், உப்புப் படிஞ்சு வால்வு அடைச்சுக்கும்.

கொதிச்ச தண்ணியை கீழ் பாகத்துல சேஃப்டி வால்வுக்கு ஒரு நூல் கீழ வரைக்கும் ஊத்துங்க. 3 கப் பாட்டுக்கு 15ல இருந்து 17 கிராம் பொடி, கூடை நிரம்பி மேல சமமா இருக்கணும், விரலால தட்டி சமப்படுத்துங்க, பில்டர்ல அமுக்குற மாதிரி அமுக்கக் கூடாது. பொடி ரவையை விட கொஞ்சம் நைஸா இருக்கலாம், மாவு மாதிரி இருக்கக் கூடாது. சிக்கரி கலந்த நம்ம பில்டர் பொடியை நான் இதுல போடுறது இல்ல. சிக்கரி நனைஞ்சதும் கொழகொழன்னு ஆகி வழியை அடைக்குது, பில்டர்ல அது நமக்கு வேணும், மெதுவா இறங்கட்டும்னு விடுவோம், ஆனா இங்க கீழ அழுத்தம் ஏறிக்கிட்டே இருக்கும். சிக்கரி இல்லாம மீடியமா அரைச்சுக் கொடுங்கன்னு கேட்டு வாங்குங்க.

கீழ் பாகம் சுடும், அதனால அதை ஒரு துணியால பிடிச்சுக்கிட்டு மேல் பாகத்தை திருகி இறுக்குங்க, கைப்பிடியை பிடிச்சு திருகாதீங்க, உடைஞ்சு வரும். அடியில ஈரம் இருந்தா துடைங்க.

பிளேட்டை அடுப்போட வட்டத்துக்கு சரியா நடுவுல வைங்க, அது மேல நடுவுல பாட்டை வைங்க, வால்வு உங்க பக்கம் பாக்காம சுவர் பக்கம் பாக்கட்டும், மூடியை திறந்தே விடுங்க. பிளேட்டை முன்கூட்டியே காலியா சூடு பண்ண வேண்டாம். இப்ப 600 வாட்ஸ் வைங்க. சின்ன பிளேட் சுருள்ல பாதியைத்தான் மூடும்கிறதால டிஸ்ப்ளேல தெரியிற நம்பர் முழுசா பிளேட்டுக்கு போகாது, அதனால உங்க அடுப்புல 500ஓ 800ஓ வரலாம். அதை நேரத்தை வச்சு பிடிங்க, சூடு தண்ணி ஊத்தி வச்சதுல இருந்து மூணரை, நாலு நிமிஷத்துல நடுக் குழாய்ல முதல் சொட்டு தெரியணும். ரெண்டு நிமிஷத்துக்குள்ள வந்தா அடுத்த நாள் ஒரு படி குறைங்க, ஆறு நிமிஷம் தாண்டினா ஒரு படி ஏத்துங்க. நாலஞ்சு நாள்ல உங்க நம்பர் கிடைச்சிடும், அதை பிளேட்டுக்குப் பின்னாடி எழுதி வைக்கிற மாதிரி மனசுல வச்சுக்கோங்க.

முதல் சொட்டு வந்து அது தேன் மாதிரி கெட்டியா வழிய ஆரம்பிச்ச உடனே அடுப்பை ஆஃப் பண்ணிடுங்க. காபி முழுசா வரலையேன்னு பயப்படாதீங்க, மீதி வேலையை பிளேட்ல சேந்திருக்கிற சூடு பாத்துக்கும். எனக்கு ஆஃப் பண்ணதுக்கு அப்புறம் முக்கால் நிமிஷம் போல நிதானமா வழியும். மேல் பாகம் முக்கால்வாசி நிரம்பி, நிறம் வெளுக்க ஆரம்பிச்சு, கர்ர்னு ஒரு சத்தம் வரப் போகுதுன்னு தெரியும்போது பாட்டை தூக்கி ஈரத்துணி மேல வைங்க, கடைசில கொஞ்சம் தானா ஏறி வந்து அடங்கிடும். உடனே ஒரு கரண்டி விட்டு கலக்கிட்டு ஊத்துங்க, முதல்ல வந்தது கெட்டியா அடியில இருக்கும். ஆஃப் பண்ணதும் நடுவுலயே வழியிறது நின்னு போச்சுன்னா பிளேட் மெல்லிசுன்னு அர்த்தம், அடுத்த நாள் இன்னும் இருபது செகண்ட் விட்டு ஆஃப் பண்ணுங்க.

பிளேட்டை அங்கயே விடுங்க, கால் மணி நேரமாவது தொடாதீங்க, மேல தண்ணி ஊத்தாதீங்க, வளைஞ்சிடும், கண்ணாடிக்கும் ஆபத்து. அடுப்புக்குள்ள ஃபேன் ஓடிக்கிட்டு இருந்தா பிளக்கை உடனே பிடுங்காதீங்க, சுருள் ஆறட்டும். வீட்டுல குழந்தைங்க இருந்தா இந்த கால் மணி நேரம்தான் கவனம், பிளேட் பாக்க ஆறின மாதிரியே இருக்கும்.

கோளாறு வந்தா

அடுப்பு பாதில நின்னு எரர் காட்டினா பெரும்பாலும் சென்சார் பிளேட்டோட சூட்டை பாத்து நிறுத்தியிருக்கு. மறுபடி மறுபடி ஆன் பண்ணாதீங்க. பாட்டை தூக்கிட்டு ஆற விடுங்க, அடுத்த தடவை வாட்ஸை குறைங்க. குறைச்சும் நின்னா ஸ்கேல் வச்சு பிளேட்டை பாருங்க, வளைஞ்ச பிளேட் பாட்டுக்கு சூட்டை கொடுக்காம தன்னையே சூடாக்கிக்கிட்டு இருக்கும்.

காபி மேல வராம திருகு மரை பக்கம் நுரையும் ஆவியும் வந்தா ரப்பர் வாஷரை பாருங்க. பிளேட் மேல காலியா கொதிச்ச பாட்ல வாஷர் சீக்கிரம் காஞ்சு கெட்டியாகிடும், நகத்தால அமுக்கினா அமுங்கணும், அமுங்கலைன்னா மாத்துங்க, சைஸ் சொல்லி வாங்கினா விலை கம்மிதான்.

வால்வுல இருந்து ஸ்ஸ்னு ஆவி பீறிட்டு வந்தா அது விளையாட்டு இல்ல. பொடி ரொம்ப நைஸ், இல்ல அமுக்கியிருக்கீங்க, இல்ல சல்லடை அடைச்சிருக்கு. கேஸ்னா அணைச்சா போதும், இங்க ஆஃப் பண்ணிட்டு நின்னா பிளேட் இன்னும் அழுத்தத்தை ஏத்திக்கிட்டே இருக்கும், அதனால கைப்பிடியை துணியோட பிடிச்சு, வால்வு யார் மேலயும் படாத மாதிரி பாட்டை பிளேட்ல இருந்து தூக்கி ஈரத்துணில வச்சிடுங்க. முழுசா ஆறுற வரைக்கும் திருகித் திறக்காதீங்க. திறந்ததும் கூடையை தட்டிப் பாத்தா பொடி செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கும், அப்ப அந்த பொடியை பில்டருக்கு வச்சுக்கிட்டு மோக்காவுக்கு கொஞ்சம் கொரகொரன்னு அரைச்சது வாங்குங்க.